ஒரு எண்ணும் ஒரு தரைக்கல்லும்: முன்தயாரிப்பு இல்லாத பாடவேளைக்கு

நேயர்களுக்கு வணக்கம். முகூர்த்த நாள் வந்துவிட்டால் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பள்ளிகளில் ஒரே நாளில் இரண்டு மூன்று ஆசிரியர்கள் விடுப்பில் இருப்பார்கள். காலையில் கையெழுத்துப் போட வரும்போதே, "மூணாவது பீரியட் எட்டாம் வகுப்பு பி பிரிவுக்கு நீங்க போயிடுங்க" என்று சொல்லிவிடுவார்கள். உங்கள் பாடம் தமிழ், அங்கே நடக்க வேண்டியது அறிவியல். பிள்ளைகளின் முகம் தெரியாது, பெயர் தெரியாது. கையில் இருப்பது ஒரு சாக்பீஸ். அந்த நாற்பது நிமிடத்தை எப்படி நடத்துவது என்பதுதான் இன்றைய பேச்சு. கேட்பவர்கள் ஒரு பேனாவும் தாளும் எடுத்துக்கொண்டால் நல்லது, நடுவில் கொஞ்சம் கணக்குப் போடப்போகிறோம்.

உள்ளே போனதும் "எதுவரைக்கும் நடத்தியிருக்காங்க?" என்று கேட்காதீர்கள். நாலு பக்கமிருந்து நாலு பதில் வரும். "அது முடிச்சாச்சு மிஸ்" என்று ஒரு குரல், "இன்னும் ஆரம்பிக்கவே இல்லை சார்" என்று இன்னொரு குரல். அதிலேயே ஐந்து நிமிடம் போய்விடும், வகுப்பும் கலைந்துவிடும். பெயர் கூப்பிட்டு வருகை எடுப்பதையும் அப்போது தொடங்க வேண்டாம். "ரஃப் நோட்டை எடுங்க, கடைசிப் பக்கத்தைத் திருப்புங்க" என்பதே முதல் வாக்கியமாக இருக்கட்டும். கை வேலையில் இறங்கிய பிறகு பெயருக்கு வரலாம்.

வேலை இதுதான். கரும்பலகையில் நாலு கோடு போட்டு, "ஆளுக்கு ஒரு நான்கு இலக்க எண் எழுதுங்க, பக்கத்தில் இருப்பவர் எழுதினது வேண்டாம், நாலு இலக்கமும் ஒன்றாக இருக்கக் கூடாது" என்று சொல்லுங்கள். 1111, 7777 போன்றவை கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. கழித்தால் முதல் படியிலேயே பூஜ்யம் வந்து ஆட்டம் முடிந்துவிடும். அவர்கள் எழுதிக்கொண்டிருக்கும்போது நீங்கள் ஒரு துண்டுத் தாளில் 6174 என்று எழுதி, மடித்து, வகுப்புத் தலைவரின் கையில் கொடுங்கள். "நான் சொல்லும்வரை பிரிக்காதே" என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லுங்கள்.

இப்போது ஒரு எண்ணைப் பலகையில் போட்டுக் காட்ட வேண்டும். 3524 என்று வைத்துக்கொள்வோம். இலக்கங்களைப் பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கினால் 5432. சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கினால் 2345. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் 3087. அந்த விடையை எடுத்து மறுபடியும் அதையே செய்ய வேண்டும். 8730, அதிலிருந்து 0378 போனால் 8352. இன்னொரு தடவை: 8532, அதிலிருந்து 2358 போனால் 6174. ஆனால் பலகையில் நீங்கள் முதல் படியோடு, 3087 வந்ததும் நிறுத்திக்கொள்ளுங்கள். முழுதும் போட்டால் மடித்த தாளின் ரகசியம் போய்விடும். "ஒரே எண் திரும்பத் திரும்ப வரும்வரை போட்டுக்கொண்டே போங்க" என்பது மட்டும் கட்டளை.

எந்த எண்ணில் தொடங்கினாலும் அதிகபட்சம் ஏழு படிக்குள் 6174 வந்தே தீரும். வந்தபின் 7641-இலிருந்து 1467-ஐக் கழித்தால் மறுபடி அதே 6174. நாசிக் பக்கம் தேவ்லாலி என்ற ஊரில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேக்கர் 1949-இல் எடுத்துச் சொன்னது இது. பிள்ளைகளிடம் அவரைப் பற்றிக் கடைசியில் சொல்லுங்கள். முதலில் சொன்னால் விடையும் கூடவே வெளியே வந்துவிடும்.

அறிமுகமில்லாத வகுப்புக்கு இது ஏன் ஒத்துவருகிறது என்றால், ஆளுக்கு ஒரு எண் என்பதால் பார்த்து எழுத வழியில்லை. ஒருவர் இரண்டு படியில் முடிப்பார், இன்னொருவருக்கு ஏழு படி ஆகும், ஆனால் எந்தப் பாடம் எதுவரை நடந்தது என்பது இதற்குத் தேவையே இல்லை. நாற்பது பேர் போடும் நாற்பது கணக்கைத் திருத்துவது எப்படி என்று கேட்பீர்கள். அதற்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது.

ஒவ்வொரு படியிலும் வரும் விடையின் நாலு இலக்கங்களையும் கூட்டினால் 18 வர வேண்டும், இல்லாவிட்டால் 27. வேறு எது வந்தாலும் தவறு. 3087: மூன்றும் எட்டும் ஏழும் பதினெட்டு. 8352: அதுவும் பதினெட்டு. வரிசைகளுக்கு நடுவே நடந்துகொண்டே கண்ணால் கூட்டிப் பார்க்கலாம். பிள்ளைகள் செய்யும் தவறுகளில் முக்கால்வாசி கடன் வாங்கிவிட்டுப் பக்கத்து இலக்கத்தில் ஒன்றைக் குறைக்க மறப்பதுதான். ஒரு தடவை மறந்தால் கூட்டுத்தொகை 19, 28 அல்லது 10 என்று வந்து நிற்கும், உடனே பிடிபடும். "இந்த வரியில ஒரு கடன் பாக்கி இருக்கு, தேடு" என்று மட்டும் சொல்லிவிட்டு நகருங்கள். எந்த இலக்கம் என்று காட்ட வேண்டாம்.

இந்தச் சோதனைக்கு அகப்படாத தவறும் ஒன்று உண்டு. இலக்கங்களை மாற்றி அடுக்கியிருந்தால் வித்தியாசம் அப்போதும் 9-இன் மடங்காகவே இருக்கும். ஆனால் அதனால் பெரும்பாலும் நஷ்டமில்லை, அடுத்த படியைச் சரியாக அடுக்கினால் எண் எப்படியும் 6174-க்கே போய்ச் சேரும். வழிதான் கொஞ்சம் மாறும்.

பூஜ்யம்தான் உண்மையான வில்லன். 3087-ஐ அடுக்கும்போது பூஜ்யத்தை விட்டுவிட்டு 873 என்று எழுதும் பிள்ளை எல்லா வகுப்பிலும் உண்டு. அதிலிருந்து 378-ஐக் கழித்தால் 495 வரும். பிறகு எத்தனை முறை போட்டாலும் 495-தான். ஆகவே யாராவது "எனக்கு 495-லேயே நிக்குது சார்" என்று எழுந்தால், நோட்டைப் பார்க்காமலே "பூஜ்யத்தை எங்கே தொலைத்தாய்?" என்று கேட்கலாம். வகுப்பு உங்களை நிமிர்ந்து பார்க்கும் இடம் அது. இதேபோல 2111 மாதிரி மூன்று இலக்கம் ஒன்றாகவும் மற்றது அதற்கு அடுத்ததாகவும் உள்ள எண்ணை எடுத்தவருக்கு முதல் விடை 0999. முன்னால் உள்ள பூஜ்யத்தை விட்டுவிட்டு 999 என்று எழுதினால் அடுத்து பூஜ்யம்தான் மிஞ்சும். நாலு கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஓர் இலக்கம் என்று எழுதச் சொன்னால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

எல்லாரும் குனிந்து எழுதும் இந்த நேரத்தில் பெயர் விஷயத்தை முடித்துவிடுங்கள். ஒவ்வொரு வரிசையின் முதல் பெஞ்சிலும் ஒரு தாள் கொடுத்து, உட்கார்ந்திருக்கும் வரிசைப்படி பெயரை எழுதிப் பின்னால் அனுப்பச் சொல்லுங்கள். மூன்று நிமிடத்தில் வகுப்பின் வரைபடம் உங்கள் மேசைக்கு வந்துவிடும். சினிமா நடிகர் பெயரோ பக்கத்துப் பிரிவுப் பையன் பெயரோ அதில் இருக்கலாம். நோட்டு அட்டையில் ஒட்டியிருக்கும் பெயரோடு இரண்டு மூன்றை ஒத்துப் பாருங்கள், போதும்.

வேகமாக முடித்தவர்களுக்கு அடுத்த வேலை: ஏழு படி எடுக்கும் எண் ஒன்றைக் கண்டுபிடிப்பது. உங்களுக்கு மட்டும் விடை சொல்லிவைக்கிறேன், 1004. அது 4086, 8172, 7443, 3996, 6264, 4176 என்று சுற்றிவிட்டு ஏழாவதாக 6174-க்கு வரும். பலகையில் 1 முதல் 7 வரை எழுதி, யாருக்கு எத்தனை படி ஆனதோ அதன் மேல் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். பொதுவாக 3-இன் மேலும் 7-இன் மேலும் கோடுகள் உயரமாக நிற்கும். பெரும்பாலோர் முடித்ததும் தலைவரை எழுப்பித் தாளைப் பிரிக்கச் சொல்லுங்கள். இதற்கெல்லாம் சேர்த்து இருபத்தைந்து நிமிடம் ஆகும்.

நாலு, ஐந்தாம் வகுப்பு என்றால் மூன்று இலக்கம் போதும். அது 495-இல் போய் முடியும், அதிகபட்சம் ஆறு படி. அங்கே திருத்துவது இன்னும் எளிது: நடு இலக்கம் எப்போதும் 9, ஓரத்து இரண்டையும் கூட்டினால் 9. ஒன்பது, பத்தாம் வகுப்பில் வேலை சீக்கிரம் முடிந்துவிடும். அவர்களிடம் "ஏன் எப்போதும் 9-இன் மடங்கு?" என்று கேளுங்கள். இறங்கு வரிசையில் இலக்கங்களை a, b, c, d என்று வைத்தால் வித்தியாசம் 999(a−d) + 90(b−c) என்று அவர்களே விரித்துக் கண்டுகொள்வார்கள்.

மீதிப் பதினைந்து நிமிடத்துக்கு எண்ணே வேண்டாம், காதுக்கு வேலை கொடுக்கலாம். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஆத்தங்குடிக் கல் தெரியாமல் இருக்காது. ஒரு சதுரக் கல்லின் வடிவத்தை நீங்கள் ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள்: இரண்டு மூலைவிட்டங்கள், நடுவே ஒரு சின்ன வட்டம், நாலு மூலையிலும் கால்வட்டம். ஒரு பிள்ளையை அழைத்து அதைப் பார்த்துச் சொல்ல வையுங்கள், மற்றவர்கள் கேட்டு வரைய வேண்டும். சொல்பவர் வகுப்புக்கு முதுகு காட்டிப் பலகையைப் பார்த்து நிற்கட்டும். முகம் பார்த்து நின்றால் அவருடைய இடதும் வகுப்பின் இடதும் எதிரெதிராகிவிடும், கையும் தானாகக் காற்றில் வரையத் தொடங்கிவிடும். "இப்படி", "அந்த மாதிரி" என்ற சொற்களுக்கு அனுமதி இல்லை.

முதல் சுற்றில் யாரும் கேள்வி கேட்கக் கூடாது. வரைந்ததைத் தூக்கிக் காட்டச் சொன்னால் மூலையில்தான் சிக்கல் தெரியும். "மூலையில் ஒரு வளைவு" என்று கேட்டவர்களில் பாதிப் பேர் வளைவை மூலைப் பக்கம் குழித்திருப்பார்கள், பாதிப் பேர் நடுப்பக்கம் குழித்திருப்பார்கள். இரண்டுமே கேட்டதற்குச் சரிதான். இரண்டாம் சுற்றில் ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விகளை அனுமதியுங்கள். யாராவது ஒருவர் "அந்த மூலைதான் வட்டத்துக்கு மையமா?" என்று கேட்டுவிட்டால் வேலை முடிந்தது. கேட்காவிட்டால் நீங்களே ஒரு குறிப்புக் கொடுங்கள்: நாலு கற்களைச் சேர்த்து வைத்தால் நடுவில் என்ன வரும்? ஒரே அளவு நோட்டு வைத்திருக்கும் நாலு பேர் தாளைச் சதுரமாக மடித்துக் கிழித்து, மூலையோடு மூலை சேர்த்துப் பார்க்கட்டும். நாலு கால்வட்டமும் ஒரே அளவாக இருந்தால் சேரும் இடத்தில் முழு வட்டம் நிற்கும். அளவு மாறியிருந்தால் கோடுகள் முட்டாது, யார் கல் பெரிது என்று ஒரு சின்னச் சண்டை வரும். அந்தச் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.

மணி அடிப்பதற்கு மூன்று நிமிடம் முன்னால் நிறுத்துங்கள். விடுப்பில் இருக்கும் ஆசிரியருக்கு, பெயர் எழுதி வந்த அந்தத் தாள்களின் பின்பக்கத்திலேயே நாலு வரி எழுதி வையுங்கள்: என்ன நடந்தது, கடன் வாங்கிக் கழிப்பதில் தடுமாறியவர்கள் யார், யார் வரவில்லை, நடுவில் வெளியே போனவர் யார். பாடம் நடத்தவில்லை என்பதையும் தெளிவாக எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் மறுநாள் அவர் வந்ததும் "அந்த சார் முடிச்சிட்டாங்க மிஸ்" என்று ஒரு குரல் பின்பெஞ்சிலிருந்து வரும்.

வணக்கம்.