இரண்டெழுத்து மரியாதை

“காசு குடுத்துப் பாண் வாங்கிற நான் கடைக்காரரிட்டை ஏன் கெஞ்சவேணும்? ‘அனுப்பு’ எண்டு எழுதினால் போதாதோ?” எதிரணித் தலைவர் கேட்டார்.

நடுவர் அவர்களே, சபையோரே, வணக்கம். அயலவருக்கும் கடைக்காரருக்கும் எழுதுகிற துண்டில் மரியாதை வேண்டும் என்பதே எங்கள் அணியின் வாதம்.

கைதட்டல் பலமாகத்தான் விழுந்தது. ஆனால் கெஞ்சச் சொன்னது யார்? ‘அனுப்பு’வோடு இரண்டெழுத்துச் சேர்த்தால் ‘அனுப்புங்கோ’. கேட்டது அவ்வளவுதான்.

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் நடந்ததைச் சொல்கிறேன். மூன்றாம் மாடித் தம்பியின் குசினிச் சீலிங் ஒழுகியது. மேல்வீட்டில் ஓய்வுபெற்ற தமிழ் ரீச்சர். தம்பி ஒரு துண்டு எழுதி அவர் கதவில் ஒட்டினார்: ‘பாத்ரூம் ஒழுகுது. உடனே திருத்து.’ ரீச்சர் திருத்தினார். பாத்ரூமை அல்ல, துண்டை! சிவப்புப் பேனையால் ‘ங்கள்’ சேர்த்துத் தம்பியின் கதவில் ஒட்டிவிட்டார்.

தம்பி விடவில்லை. ‘தயவுசெய்து உடனே திருத்து.’ அதற்கும் சிவப்பு மை! முன்னால் தயவு வந்தாலும் முடிவில் நிற்பது ஏவல் ஒருமைதானே. அடுத்தது ‘திருத்தவும்’. “இது கந்தோர் அறிவித்தல். எனக்கோ, மதிலுக்கோ எழுதினது?” என்றார் ரீச்சர். ‘-வும்’ மரியாதைதான் என்று என் அணியிலேயே ஒருவர் வாதாடுகிறார். சாமான் பட்டியலின் அடியில் ‘அனுப்பவும்’ யாரையும் உறுத்தாது, ஒப்புக்கொள்கிறேன். அயல்வீட்டுக் கதவில் அது விறைப்பாகத்தான் எனக்குப் படுகிறது.

கடைசித் துண்டைக் கேளுங்கள்: ‘ரீச்சர், எங்கட குசினிச் சீலிங் ஒழுகுது. உங்கட பாத்ரூமில இருந்து வருகுதோ தெரியேல்லை. பிளம்பரை ஒருக்காக் கூப்பிட்டுக் காட்டுவீங்களோ? ஆறு மணிக்குப் பிறகு வீட்டில நிப்பன்.’ மறுநாளே பிளம்பர் வந்தார். தம்பி குற்றம் சாட்டாமல் சந்தேகமாகச் சொன்னார், கட்டளையைக் கேள்வியாக்கினார், நேரமும் கொடுத்தார். கட்டளையாக எழுதியபோது தம்பி வீட்டில் எங்கே ஒழுகுகிறது, எப்போது வரலாம் என்பதே துண்டில் இல்லையே!

எதிரணிச் சகோதரி, மகனுக்கு ‘சோறு இருக்கு, சாப்பிடு’ என்று எழுதிவைப்பதைச் சொன்னார். அது அம்மாவின் உரிமை. இங்கே பேச்சு அயலவரையும் கடைக்காரரையும் பற்றியது.

சரி, பாண் கடைக்கு வருகிறேன். தலைவரே, உங்கள் துண்டை முதலாளி வாசிப்பதில்லை. மலையகத்திலிருந்து வேலைக்கு வந்து, சாக்குகளுக்கு நடுவே நிற்கிற பெடியன்தான் வாசிக்கிறான். காலையிலிருந்து ‘டேய், எடு, தூக்கு, ஓடு’ என்பதையே கேட்டு நிற்பவன். அவன் கைக்கு ‘தம்பி, ரெண்டு பாணும் ஒரு கிலோ சீனியும் குடுத்துவிடுங்கோ’ என்று ஒரு துண்டு வந்தால், அவனையும் ஒரு மனிசனாக மதித்து ஒருவர் எழுதியிருக்கிறார் என்று அவனுக்குத் தெரியும். அவனுடைய அம்மா தூரத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருக்கிறாள். தன் பிள்ளையைக் கொழும்பில் ஆராவது ‘தம்பி’ என்று கூப்பிடுகிறார்களா என்று நினைக்காத நாள் அவளுக்கு இருக்குமா?

நடுவர் அவர்களே, அந்தத் தாயை நினைத்துத் தீர்ப்புச் சொல்லுங்கோ.