எரியும் வீடும் மூன்று வண்டிகளும்

நேயர்களுக்கு வணக்கம். தீப்பிடித்த வீட்டுக்குள் விளையாடும் பிள்ளைகளின் கதையைப் புத்தர் சொன்னதாகப் பலர் கேட்டிருப்பீர்கள். அது எந்த நூலில் வருகிறது என்று தேடப் போனால்தான் சிக்கல். பௌத்தம், நெருப்பு என்றதும் பலருக்கும் பாலி நூல்களில் உள்ள ஆதித்தபரியாய சூத்திரம் நினைவுக்கு வரும். கயாவை அடுத்த கயாசீசக் குன்றில் சடைமுடித் துறவிகள் ஆயிரம் பேருக்குப் புத்தர் சொன்ன உரை அது. கண் எரிகிறது, காது எரிகிறது, மனம் எரிகிறது என்று அதில் வரும். ஆனால் அதில் வீடும் இல்லை, பிள்ளைகளும் இல்லை.

நாம் தேடும் கதை மகாயான சூத்திரமான சத்தர்ம புண்டரீகத்தில், அதாவது தாமரைச் சூத்திரத்தில் இருக்கிறது. மூன்றாம் அத்தியாயம். கி.பி. 406இல் குமாரஜீவர் செய்த சீன மொழிபெயர்ப்பிலும், சமஸ்கிருத மூலத்திலும் அதே மூன்றாம் அத்தியாயம்தான். பிற்பகுதியில் இரண்டுக்கும் அத்தியாய எண்கள் மாறும். இங்கே அந்தக் குழப்பம் இல்லை. கதை முதலில் உரைநடையிலும், அப்புறம் செய்யுளிலும் வருகிறது. கழுகு, பூரான், பாம்பு, சண்டையிடும் பசித்த நாய்கள் என்று வீட்டின் பயங்கரத்தை விரித்துச் சொல்வது செய்யுள் பகுதி.

சரி, கதைக்கு வருவோம். வயதான பெரும் செல்வர் ஒருவர். அவருடைய வீடு மிகப் பெரியது, ஆனால் பழையது. தூண்களின் அடி உளுத்து, சுவர் இடிந்து கிடக்கிறது. நூற்றுக்கணக்கானோர் வாழும் அந்த வீட்டுக்கு வாசல் ஒன்றே ஒன்று. ஒருநாள் நாலாபக்கமும் தீப்பிடிக்கிறது. அவருடைய பிள்ளைகள் பத்து, இருபது, முப்பது பேர் உள்ளே விளையாடிக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்குக் கைகளில் பலம் இருக்கிறதே, அள்ளித் தூக்கி வந்துவிடலாமா என்றுதான் அவர் முதலில் நினைக்கிறார். ஆனால் வாசல் ஒன்று, அதுவும் குறுகியது. ஆகவே கூப்பிட்டுப் பார்க்கிறார். பிள்ளைகள் அப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி ஓடியாடுகிறார்கள். நெருப்பு என்றால் என்ன, வீடு என்றால் என்ன, இழப்பு என்றால் என்ன என்றே அவர்களுக்குத் தெரியாது என்கிறது சூத்திரம். எனக்கு இந்தக் கதையின் உயிரே இந்த வரிதான். பிள்ளைகள் அடம்பிடிக்கவில்லை, எச்சரிக்கும் சொல்லுக்கு அவர்களிடம் இன்னும் பொருள் இல்லை, அவ்வளவுதான்.

அதனால் அவர்களுக்குப் பொருள் உள்ள சொல்லை அவர் எடுக்கிறார். வாசலுக்கு வெளியே ஆட்டுவண்டி, மான்வண்டி, மாட்டுவண்டி நிற்கின்றன, வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார். முண்டியடித்துக்கொண்டு அத்தனை பேரும் வெளியே வந்துவிடுகிறார்கள். வந்து, வண்டி எங்கே என்று கேட்கிறார்கள். அவர் கொடுப்பதோ வேறு: ஒவ்வொருவருக்கும் ஒரே மாதிரியான, மணிகள் இழைத்த, வெள்ளை மாடு பூட்டிய பெரிய வண்டி. என் செல்வத்துக்கு அளவில்லை, எல்லாரும் என் பிள்ளைகள், இதில் ஓரவஞ்சனை கூடாது என்பது அவர் எண்ணம்.

கதையை இங்கே நிறுத்தி, அந்தச் செல்வர் பொய் சொன்னாரா என்று தன் சீடர் சாரிபுத்திரரைக் கேட்கிறார் புத்தர். இல்லை என்கிறார் சாரிபுத்திரர். உயிர் பிழைத்ததே விளையாட்டுப் பொருள் கிடைத்த மாதிரிதான். ஒரு சின்ன வண்டிகூடக் கொடுக்காமல் இருந்திருந்தாலும் அது பொய்யாகாது, காப்பாற்றுவதற்கான உபாயம் என்று முன்பே எண்ணித்தானே சொன்னார் என்கிறார்.

இந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டு, நல்ல நோக்கம் இருந்தால் எந்தப் பொய்யும் செல்லும் என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கதை அதற்கு இடம் தரவில்லை. தீ உண்மையானது. அப்பாவுக்குத் தனி ஆதாயம் ஏதும் இல்லை. தூக்கி வருவதை எண்ணிப் பார்த்து, உண்மையைச் சொல்லிக் கூப்பிட்டும் பார்த்த பிறகே உபாயத்துக்குப் போகிறார். முடிவில் கொடுத்தது, சொன்னதைவிட உயர்ந்தது.

எரியும் வீடு என்பது நாம் பிறந்து இறந்து உழலும் மூவுலகம். மூன்று வண்டிகள், புத்தர் சொல்லக் கேட்டு விடுபடும் சிராவகர், ஆசான் இல்லாமல் தானே உணரும் பிரத்தியேக புத்தர், எல்லா உயிரையும் விடுவிக்கப் புத்த நிலையை நாடும் போதிசத்துவர் என்னும் மூவரின் வழிகள். கடைசியில் தந்த ஒரே வண்டி, எல்லாரையும் புத்த நிலைக்குக் கொண்டுசேர்க்கும் ஏகயானம். இந்த அத்தியாயத்தின் தொடக்கத்தில்தான், சிராவகரான சாரிபுத்திரரே எதிர்காலத்தில் புத்தராவார் என்று சொல்லப்படுகிறது. அவரிடமே இந்தக் கதை சொல்லப்படுவது பொருத்தம்.

கடைசி வண்டியைப் பற்றிச் சீனத்தில் பெரிய வாதமே நடந்தது. சொன்ன மாட்டுவண்டியும் கொடுத்த வெள்ளை மாட்டுவண்டியும் ஒன்றுதான், ஆக மொத்தம் மூன்று வண்டிகள் என்றது ஃபாசியாங் மரபு. இல்லை, கொடுத்தது நான்காவது என்றது தியன்தாய் மரபு. நான்கு என்றவர்கள் கதையிலிருந்தே ஒன்றைச் சுட்டினார்கள்: தெருவில் நின்று வண்டி எங்கே என்று கேட்ட பிள்ளைகளில், மாட்டுவண்டிக்காக ஓடிவந்தவர்களும் இருந்தார்கள். சொன்ன மாட்டுவண்டியும் அங்கே இல்லை என்பதால்தானே அவர்களும் கேட்டார்கள், அப்படியானால் பிறகு கொடுத்தது வேறு வண்டி என்பது அவர்கள் வாதம்.