காப்பிரைட்டருக்கு ப்ரீஃப் எழுதுவது எப்படி? ஒரு ஷூ கடையின் ஒரு பக்கத் தாள்

(திரையில்: வெள்ளைத் தாள். எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுகின்றன.)

"எங்களுடையது ஷூ கடை. தரமான பொருள், நியாயமான விலை. எல்லா வயதினருக்கும் ஏற்றது. நச்சென்று ஒரு விளம்பரம் எழுதித் தாருங்கள்."

விளம்பர வாசகம் எழுதும் ஃப்ரீலான்ஸ் காப்பிரைட்டர்கள் பலரின் கைக்கு வந்து சேரும் ப்ரீஃப், அதாவது வேலைக் குறிப்பு, இப்படித்தான் இருக்கிறது. இதில் 'ஷூ' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'கடிகாரம்' என்று போட்டுப் பாருங்கள். ஒரு வரியும் இடறாது. கைக்கு வந்ததே எந்தக் கடைக்கும் பொருந்துகிறது என்றால், அதை வைத்து எழுதுகிற விளம்பரமும் எந்தக் கடைக்கும் பொருந்துவதாகத்தான் இருக்கும். எழுதுபவரின் திறமையைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்குத் தெரியாத விஷயங்கள் கடைக்காரரின் தலைக்குள்ளேயே தங்கிவிட்டன.

இந்தத் தாளையே திருத்துவோம். வேலை இதுதான்: நாள் முழுக்க நின்று வேலை செய்பவர்களுக்கான ஒரு ஷூ வகைக்கு, கடை வாசலில் வைக்க ஒரு போஸ்டர், கைப்பேசியில் ஓட ஒரு சின்ன விளம்பரம்.

(திரையில்: "யாருக்காக?")

'25 முதல் 45 வயது வரை, ஆண், பெண் இருபாலரும்' என்று எழுதினால் காப்பிரைட்டருக்கு ஒன்றும் கிடைக்காது. வயது தெரிந்துவிட்டதால் ஒரு வாக்கியம் பிறந்துவிடாது. அந்த ஆள் எந்த நிலைமையில் கடைக்குள் வருகிறார், இதற்கு முன் எதை வாங்கி ஏமாந்தார், எது அவரைத் தயங்க வைக்கிறது என்ற மூன்றும்தான் வேண்டும்.

இவை கல்லாவிலேயே கிடைக்கும். ஒரு வாரம், ஷூ போட்டுப் பார்ப்பவர்கள் சொல்வதை அவர்கள் வாய்மொழியிலேயே ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். திருத்தி எழுத வேண்டாம். இப்படி ஒரு வரி அதில் இருக்கக்கூடும்:

"கடையில போட்டுப் பார்த்தப்போ சரியாத்தான் இருந்துச்சு. சாயங்காலம் ஆனா கடிக்குது."

இந்த ஒரு வரியில் நிறைய இருக்கிறது. நாள் முழுக்க நின்றால் பாதம் சற்று வீங்கும். காலையில் கச்சிதமாக இருந்த ஷூ மாலையில் இறுக்கும். கடையில் பத்து நிமிடம் போட்டுப் பார்க்கிறவருக்கு இது தெரிய வழியில்லை. அவருடைய தயக்கம் விலையைப் பற்றியதோ நிறத்தைப் பற்றியதோ இல்லை, 'இதுவும் கடித்துவிட்டால்?' என்பதுதான். ப்ரீஃபில் அதை அப்படியே எழுதுங்கள்:

(திரையில்: "ஷிஃப்ட் முழுக்க நிற்பவர். போன முறை வாங்கியது மாலையில் கடித்தது. இதுவும் அப்படித்தான் ஆகுமோ என்று தயங்குகிறார்.")

(திரையில்: "என்ன வாக்குறுதி?")

இந்த இடத்தில்தான் பெரும்பாலான ப்ரீஃப்கள் சறுக்குகின்றன. வாக்குறுதி ஒன்றுதான் இருக்க வேண்டும். அந்தத் தயக்கத்துக்கு நேரான பதிலாக இருக்க வேண்டும். கடையால் நிறைவேற்ற முடிந்ததாகவும் இருக்க வேண்டும்.

'எட்டு மணி நேரம் நின்றாலும் வலிக்காது' என்பது தயக்கத்துக்குப் பதில்தான். ஆனால் கடையால் அதற்குப் பொறுப்பேற்க முடியாது. கால் ஆளுக்கு ஆள் வேறு. 'மென்மையான உள்தளம்' என்பது பொருளைப் பற்றிய தகவல். அதனால் பயம் போகாது. கடையிடம் ஏற்கெனவே ஒரு விதி இருக்கிறது: வாங்கிய 7 நாளுக்குள் பொருந்தவில்லை என்றால் வேறு ஜோடி மாற்றித் தருகிறார்கள். பில்லின் அடியில் பொடி எழுத்தில் கிடக்கும் இந்த விதிதான் உண்மையான வாக்குறுதி.

(திரையில்: "7 நாள் வீட்டில் போட்டுப் பாருங்கள். கடித்தால் மாற்றித் தருகிறோம்.")

வாக்குறுதிக்குக் கீழேயே ஆதாரத்தையும் நிபந்தனையையும் எழுதிவிட வேண்டும்: வீட்டுக்குள் மட்டும் போட்டிருக்க வேண்டும், அடிப்பாகம் தேய்ந்திருக்கக் கூடாது, பில் வேண்டும். இந்த வரி விடுபட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். காப்பிரைட்டர் தன் வேலையைச் சரியாகவே செய்து, 'ஒரு வாரம் வேலைக்குப் போட்டுப் போய்ப் பாருங்கள்' என்று எழுதிவிடுவார். படிக்க அருமையாக இருக்கும். போஸ்டரும் அச்சாகிவிடும். ஏழாம் நாள், தேய்ந்த ஷூவோடு ஒருவர் கல்லாவில் வந்து நிற்பார். விளம்பரத்தில் இருப்பதைத்தான் அவர் கேட்பார். நிபந்தனை தெரிந்திருந்தால், காப்பிரைட்டர் 'மாலையில் வீட்டுக்குள் போட்டு நடந்து பாருங்கள்' என்று எழுதியிருப்பார். பாதம் வீங்கியிருக்கும் நேரமும் அதுதான் என்பதால், அந்த வரி இன்னும் வலுவாகவே இருந்திருக்கும்.

அடுத்து ஓர் ஆசை வரும்: 'புது நிறங்கள் வந்திருக்கின்றன, அதையும் சேர்த்துவிடலாமே, தள்ளுபடியும் இருக்கிறதே.' போஸ்டரைக் கடந்து போகிறவர் ஒன்றைத்தான் மனதில் வாங்குவார். மற்றவற்றை 'இடம் இருந்தால்' என்ற தலைப்பின் கீழ்த் தனியாக எழுதுங்கள்.

(திரையில்: "தொனி")

'நட்பாகவும் தொழில்முறையாகவும்' என்று எழுதினால் பத்துப் பேர் பத்து விதமாகப் புரிந்துகொள்வார்கள். தொனியை விவரிக்க வேண்டாம், காட்டுங்கள். நீங்கள் சொல்லக்கூடிய ஒரு வாக்கியம், சொல்லவே மாட்டீர்கள் என்கிற ஒரு வாக்கியம், இரண்டும் போதும்.

(திரையில், இடப்பக்கம்: "சாயங்காலம் போட்டுப் பாருங்க. அப்பத்தான் தெரியும்." வலப்பக்கம்: "உங்கள் பாதங்களுக்கு ஒரு சொர்க்கானுபவம்!")

தமிழில் எழுதும்போது இதோடு இன்னொன்றையும் முடிவு செய்ய வேண்டும்: பேச்சு நடையா, எழுத்து நடையா? 'பாருங்க' என்றால் கடைசி வரை அப்படித்தான். தலைப்பில் 'வாருங்கள்', கீழே 'வாங்கிட்டுப் போங்க' என்று கலந்தால் இரண்டு பேர் எழுதியதுபோல இருக்கும்.

(திரையில்: "எல்லைகள்")

சொல்லக் கூடாதவை முதலில். 'கால்வலி தீரும்', 'மருத்துவர்கள் பரிந்துரைப்பது' போன்ற உடல்நல உரிமைகோரல்கள் வேண்டாம். ஆதாரம் கேட்டால் கடையிடம் காட்ட ஒன்றுமில்லை. 'நம்பர் ஒன்' வேண்டாம். வேறு கடையின் பெயர் வேண்டாம்.

பிறகு அளவு: போஸ்டர் தலைப்பு ஆறு சொற்களுக்குள், கைப்பேசி விளம்பரம் 40 சொற்களுக்குள். இதை முன்பே சொல்லாமல், வடிவமைப்பாளர் 'இடம் போதவில்லை' என்ற பிறகு வெட்டினால், முதலில் வெட்டுப்படுவது நிபந்தனை வரிதான்.

முதல் வரைவு வரும் தேதி, அச்சுக்குப் போகும் தேதி, கட்டணம், எழுதியதை எங்கெல்லாம் பயன்படுத்தலாம் என்பவை ஒவ்வொரு வரி. திருத்தம் இரண்டு முறை. அதற்கு மேல் தனிக் கட்டணம். ஒப்புதல் தருபவர் ஒரே ஒருவர். இந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். பங்குதாரர் ஒன்று சொல்லி, மேலாளர் வேறொன்று சொன்னால், இரண்டு திருத்தமும் அதிலேயே தீர்ந்துவிடும்.

(திரையில்: நிரப்பப்பட்ட ஒரு பக்கத் தாள். பக்கத்தில் முதல் வரைவு.)

வரைவு வந்ததும் இந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். 'பிடிக்கவில்லை' என்பதை வைத்து யாராலும் திருத்த முடியாது. 'இரண்டாம் வரியைப் படித்தால் வீட்டுக்கு வெளியே போட்டாலும் மாற்றித் தருவோம் என்று தோன்றுகிறது' என்றால் உடனே திருத்தலாம். தாளில் இல்லாத ஒன்று குறைகிறது என்று தோன்றினால், தவறு வரைவில் இல்லை. தாளைத் திருத்தி, அதை இரு தரப்பும் ஒப்புக்கொண்ட பிறகே புது வரைவு கேளுங்கள்.

தாளை அனுப்பிய அன்றே கால் மணி நேரம் பேசிவிடுவது நல்லது. வாக்குறுதியைக் காப்பிரைட்டர் தன் சொற்களில் திருப்பிச் சொல்லட்டும். 'பில் தொலைந்துவிட்டால் மாற்றித் தருவீர்களா?', 'அதே அளவு இருப்பில் இல்லையென்றால்?' என்று அவர் கேட்கலாம். பதில் உங்களிடம் தயாராக இல்லையென்றால், முடிவெடுத்துத் தாளில் சேர்த்த பிறகு அவர் எழுதத் தொடங்கட்டும்.