ஒமேகா த்ரீ நாலு மாத்திரை போடுறவங்க இதைக் கேட்டுட்டுப் போங்க
வணக்கம் மக்களே, இன்னைக்கு மீன் எண்ணெய் மாத்திரையில இருக்குற ஒமேகா த்ரீ, அதுலயும் அளவு பத்தி மட்டும் பேசப்போறேன், ஏன்னா இதயத்துக்கு நல்லதுன்னு நெனச்சு ஒண்ணுக்கு நாலா போடுறவங்களுக்கு இதயத் துடிப்பே தாறுமாறாகுற வாய்ப்பு கூடுதுங்கிறது நிறைய பேருக்குத் தெரியல. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்னு சொல்லுவாங்க, டாக்டருங்க சுருக்கமா ஏஎஃப்ம்பாங்க. இதயத்தோட மேலறை ரெண்டும் ஒழுங்கா சுருங்காம சும்மா நடுங்கிட்டே இருக்கும், அதனால ரத்தம் அங்கயே தேங்கி கட்டியாகி மூளைக்குப் போச்சுன்னா ஸ்ட்ரோக்.

2021ல ஏழு பெரிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தாங்க, மொத்தம் 81,000 பேருக்கு மேல. ஒரு நாளைக்கு ஒரு கிராமுக்கு மேல எடுத்தவங்களுக்கு ஏஎஃப் ரிஸ்க் சுமார் 49% கூடுதல், ஒரு கிராமும் அதுக்குக் கீழயும்னா 12% தான். பயந்துடாதீங்க, தினம் 4 கிராம் குடுத்த ஒரு ஆய்வுல ஏஎஃப் மாதிரி பிரச்சினைக்கு ஆஸ்பத்திரியில சேர்ந்தவங்க நூத்துக்கு ரெண்டு பேரா இருந்தது மூணு பேராச்சு, அவ்ளோதான். அதே ஆய்வுல ஹார்ட் அட்டாக் குறைஞ்சதும் உண்மை.

இப்ப உங்க டப்பாவைத் திருப்பிப் பாருங்க. முன்னாடி 1000 மில்லிகிராம்னு பெருசா இருக்கும், அது மொத்த மீன் எண்ணெயோட எடை. நமக்கு வேண்டியது பின்னாடி இருக்குற இபிஏ, டிஹெச்ஏங்கிற ஒமேகா த்ரீ கொழுப்பு ரெண்டையும் கூட்டினா வர்றது. சாதாரண மாத்திரையில 180ம் 120ம், ஆக 300 தான், ரெண்டு போட்டாலும் 600, ஒரு கிராமைத் தொடல. ஆனா ஸ்ட்ராங்கான வகையில 500ம் 250ம் இருக்குன்னு வெச்சுக்குங்க, ஒண்ணுலயே 750, காலைல ரெண்டு ராத்திரி ரெண்டுன்னா 3 கிராம் ஆயிடுச்சு, எண்ணிக்கையைப் பார்த்தா நாலு மாத்திரை தானேன்னு தோணும்!

ஏற்கனவே ஏஎஃப் வந்தவங்க, ஹார்ட் ஃபெயிலியர், வால்வு பிரச்சினை உள்ளவங்க, பிபியோட வயசும் ஏறினவங்க, தூக்கத்துல மூச்சு நின்னு வர்ற ஸ்லீப் ஆப்னியா இருக்குறவங்க, நீங்களா முடிவு பண்ணி ஒரு கிராமைத் தாண்டாதீங்கன்னு கெஞ்சிக் கேட்டுக்குறேன். ரத்தத்துல ட்ரைகிளிசரைடுங்கிற கொழுப்பு 500க்கு மேல போனதால டாக்டரே 4 கிராம் எழுதிக் குடுத்திருந்தா அது வேற கதை, நீங்களா நிறுத்திடாம அவங்ககிட்ட இந்த ரிஸ்க்கைக் கேளுங்க. ஏஎஃப் வந்துட்டா இந்த மருந்தை ஒரேயடியா நிறுத்திடணும்னு ஐரோப்பிய மருந்து ஏஜென்சி 2023லயே சொல்லிடுச்சு.

நெஞ்சு படபடப்பு, காரணமில்லாம களைப்பு, மூச்சு வாங்குறதுன்னு இருந்தா கட்டைவிரல் பக்கமா மணிக்கட்டுல ரெண்டு விரல் வெச்சு ஒரு நிமிஷம் முழுசா நாடி பாருங்க. எப்பவாவது ஒரு துடிப்பு தவறுறது வேற, இதுல ஒரு துடிப்புக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி ஒரு கணக்குலயே வராது. அப்படி இருந்தா உடனே போய் ஈசிஜி எடுங்க, தள்ளிப்போடாதீங்க, ஏன்னா இது வந்து வந்து போகும், நார்மலா இருக்குறப்ப எடுத்தா ஈசிஜில தெரியாது, அப்புறம் 24 மணி நேரமும் துடிப்பைப் பதிவு பண்ற ஹோல்ட்டர் கருவியை மாட்டித்தான் பிடிக்கணும். போறப்ப மாத்திரை டப்பாவையும் கையோட எடுத்துட்டுப் போயிடுங்க.