செக் வைத்த பிறகு என்ன நடக்கும்? பாடசாலைச் செஸ் கழகத்துக்கு மூன்று படிப் புதிர்கள்

[திரையில்: மாமரத்தடியில் நான்கு வாங்குகள். ஒரு சிறுமி ராணியைத் தூக்கி எதிராளியின் ராசாவுக்குப் பக்கத்தில் சத்தமாக வைக்கிறாள்.]

"ரீச்சர், செக் வைச்சிட்டன்!"

முன்னால் இருக்கிற பெடியன் ஒரு நிமிடம் போட்டைப் பார்க்கிறான். பிறகு ராசாவாலேயே அந்த ராணியை வெட்டி எடுத்து, தன் பக்கத்தில் நிமிர்த்தி வைக்கிறான். சிறுமியின் முகம் வாடிப்போகிறது. அவளுக்குச் செக் வைக்கத் தெரியும். செக் வைத்த பிறகு எதிராளி என்ன செய்வான் என்று பார்க்கத் தெரியாது. புதிதாகச் செஸ் பழகும் பிள்ளைகளின் கழகத்தில் முதல் தவணை முழுக்க நான் கற்பிப்பது அந்த ஒரு விஷயத்தைத்தான்.

வணக்கம். முல்லைத்தீவு மாவட்டத்தில், ஒட்டுசுட்டான் பக்கத்தில் ஒரு பாடசாலையில் கிழமைக்கு ஒரு நாள் செஸ் கழகம் நடத்துகிறேன். தரம் 6, 7 பிள்ளைகள். இருபது பேர் வரையில், பத்துப் போட். புதன்கிழமை ஒன்றரைக்குப் பாடசாலை விடும். கொண்டுவந்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்குத் தொடங்குவோம். மூன்றே காலுக்கு முடித்தேயாக வேண்டும், பஸ் பிடிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். கையில் இருப்பது எழுபத்தைந்து நிமிடம்.

[திரையில்: கரும்பலகையில் 20 – 40 – 15 என்று எழுதப்படுகிறது.]

முதல் இருபது நிமிடம் புதிர்த் தாள். அடுத்த நாற்பது நிமிடம் சோடி சோடியாக ஆட்டம். தொட்ட காயைத்தான் நகர்த்த வேண்டும் என்ற விதி எங்களிடம் முதல் நாளிலிருந்தே உண்டு. கடைசிப் பதினைந்து நிமிடத்தில் அன்றைய ஆட்டங்களில் ஒன்றின் ஒரே ஒரு நிலையைக் கரும்பலகையில் கீறிப் பார்ப்போம். முழு ஆட்டத்தையும் திருப்பிப் போட்டுக் காட்ட வேண்டாம், பாதிப் பிள்ளைகள் வெளியே சைக்கிளைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

இனிப் புதிர்த் தாளுக்கு வருவோம். நான் முதல் வருடம் செய்த பிழை அங்கேதான் இருந்தது. இரண்டு நகர்த்தலில் செக்மேட் செய்யும் புதிர்கள் இருபதைப் போட்டோக் கொப்பி எடுத்துக் கொடுத்தேன். பிள்ளைகள் மளமளவென்று எழுதித் தந்தார்கள். பார்த்தால், எல்லாத் தாளிலும் முதலில் கண்ணில் பட்ட செக் ஒன்று எழுதியிருக்கிறது. சில இடங்களில் அது சரியான விடையும்கூட! யோசித்து எழுதியதா, குருட்டாம்போக்கில் விழுந்ததா என்று எனக்கே தெரியவில்லை.

ஆகவே தாளை மாற்றினேன். ஒவ்வொரு புதிருக்குக் கீழேயும் இரண்டு கோடுகள். முதல் கோட்டில் "நான்". இரண்டாவது கோட்டில் "அவர்". என் நகர்த்தலை எழுதினால் ஒரு புள்ளி. அதற்கு எதிராளியின் மிக நல்ல பதிலை எழுதினால் இன்னொரு புள்ளி. பதிலே இல்லாவிட்டால், அதாவது செக்மேட் என்றால், "இல்லை" என்று எழுத வேண்டும். பத்துப் புதிர், இருபது புள்ளி. அடுத்தடுத்த இரண்டு கிழமை பதினாறுக்கு மேல் எடுத்த பிள்ளை அடுத்த படிக்குப் போகலாம். ஒரே வகுப்பில் மூன்று படியிலும் பிள்ளைகள் இருப்பார்கள், அது பிரச்சினை இல்லை. தாளின் நிறம்தான் வேறு.

[திரையில்: முதல் படி. போட் மெதுவாக நிரம்புகிறது.]

முதல் படி, இனாமாகக் கிடக்கும் காய். இந்த நிலையைப் பாருங்கள். வெள்ளையின் முறை.

```
6k1/pp3pp1/2b4p/4n3/8/6P1/5PBP/4R1K1 w - - 0 1
```

இந்த வரியை அப்படியே கொப்பி பண்ணி lichess.org/editor பக்கத்தில் FEN என்ற கட்டத்தில் ஒட்டினால் போட் தானாக வரும். காசு தேவையில்லை. டேட்டா இருக்கும் இடத்தில் நின்று படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைக்கு வெட்டுவதற்கு இரண்டு பெரிய காய்கள் இருக்கின்றன. g2 மந்திரி, c6இல் நிற்கும் கறுப்பு மந்திரியை வெட்டலாம். e1 கோட்டை, e5இல் நிற்கும் குதிரையை வெட்டலாம். பிள்ளைகளில் அரைவாசிப் பேர் மந்திரியைத்தான் எழுதுவார்கள். அந்த நீளமான மூலைவிட்டம் கண்ணை இழுக்கிறது. இப்போது இரண்டாவது கோட்டில் எழுதச் சொல்லுங்கள். மந்திரியை வெட்டினால் அவர் என்ன செய்வார்? e5 குதிரை பாய்ந்து வந்து c6இல் எங்கள் மந்திரியை வெட்டும். மந்திரிக்கு மந்திரி போயிற்று. அதோடு இனாமாக நின்ற குதிரையும் தப்பிவிட்டது. கோட்டையால் குதிரையை வெட்டினால்? e5ஐக் காக்க யாரும் இல்லை. கறுப்பு அடுத்து g2 மந்திரியை வெட்டும், எங்கள் ராசா திருப்பி வெட்டும். முழுக் குதிரை ஒன்று லாபம்.

இந்தப் படியில் பிள்ளை கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அந்தக் கட்டத்தை யார் காக்கிறார்கள்? விரலை அந்தக் கட்டத்தில் வைத்து, அங்கிருந்து கறுப்புக் காய் ஒவ்வொன்றுக்கும் கோடு இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வாயால் சொன்னால் விளங்காத பிள்ளைக்கு விரலால் விளங்கும்.

[திரையில்: இரண்டாம் படி. மூன்று போட்டுகள் பக்கத்துப் பக்கத்தில்.]

இரண்டாம் படி, ஒரே நகர்த்தலில் செக்மேட். இதற்கு நான் ஒரு புதிரைத் தனியாகக் கொடுப்பதில்லை, ஒரே பேற்றில் பிறந்த பிள்ளைகள் மாதிரி மூன்றாகக் கொடுப்பேன்.

```
6k1/5ppp/8/8/8/8/1r3PPP/4R1K1 w - - 0 1
```

இது மூத்தது. கோட்டை e8க்குப் போகிறது. கறுப்பு ராசாவுக்கு முன்னால் தன்னுடைய மூன்று காலாட்களே மதில் மாதிரி நிற்கின்றன. செக்மேட். இரண்டாவது கோட்டில் "இல்லை".

இரண்டாவது புதிர் அதே போட்தான். ஆனால் h7 காலாளை h6க்கு நகர்த்தி வைத்திருக்கிறேன். கோட்டை e8க்குப் போனால் ராசா h7க்கு நழுவிவிடும். மூன்றாவதில் காலாள் பழையபடி h7இல் நிற்கிறது, ஆனால் c6இல் ஒரு கறுப்பு மந்திரியைச் சேர்த்திருக்கிறேன். கோட்டை e8இல் இறங்கினால் மந்திரி வந்து வெட்டிவிடும். இந்த இரண்டிலும் செக்மேட் கிடையாது. "செக்மேட் இல்லை" என்று எழுதி, காரணமான பதிலையும் எழுதினால்தான் இரண்டு புள்ளி.

பத்துப் புதிரில் குறைந்தது மூன்று இப்படி விடை இல்லாததாக இருக்கட்டும். ஆட்டத்தில் யாரும் பக்கத்தில் வந்து "இதில் ஒரு செக்மேட் இருக்கு, கண்டுபிடி" என்று சொல்லப்போவதில்லையே. முதல் கிழமை பிள்ளைகள் கோபப்படுவார்கள். "ரீச்சர், கேள்வி பிழை" என்று ஒருவன் கையை உயர்த்தினான். பிழை என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். "ராசா h7க்கு ஓடிடும்." அப்ப அதை எழுது என்றேன்.

ஊகித்து எழுதும் பிள்ளையை எப்படிக் கண்டுபிடிப்பது? மூன்று புதிரிலும் முதல் கோட்டில் ஒரே விடை இருக்கும், இரண்டாவது கோடு வெறுமையாக இருக்கும். அந்தப் பிள்ளையை முதல் படிக்குத் திருப்பி அனுப்ப வேண்டாம். காயைத் தொடாமல், எதிராளியின் பக்கத்தில் போய் இருந்து போட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். கதிரை மாறினால் கண்ணும் மாறுகிறது. இது நான் கண்ட அனுபவம்.

[திரையில்: மூன்றாம் படி.]

மூன்றாம் படி, இரட்டைத் தாக்கு. ஒரு காய் ஒரே நேரத்தில் இரண்டைத் தாக்குவது. கவட்டைத் தடி மாதிரி இரண்டு கிளை என்று சொன்னால் எங்கள் பிள்ளைகளுக்கு உடனே பிடிபடும்.

```
6k1/3q1p1p/6p1/8/4N3/8/5PPP/6K1 w - - 0 1
```

வெள்ளையின் முறை. வெள்ளையிடம் ஒரு குதிரை, கறுப்பிடம் ராணி. தோற்ற ஆட்டம் போலத் தெரிகிறது. குதிரையை f6இல் வையுங்கள். ராசாவுக்குச் செக், d7 ராணிக்கும் அடி. f6ஐ வெட்ட யாராலும் முடியாது. ராசா எங்கே ஓடினாலும் குதிரை ராணியை எடுத்துவிடும்.

இப்போது அதே போட்டில் g6 காலாளைப் பின்னால் g7இல் வையுங்கள்.

```
6k1/3q1ppp/8/8/4N3/8/5PPP/6K1 w - - 0 1
```

குதிரை f6க்குப் போனால் g7 காலாள் அதை வெட்டும். அதோடு முடியவில்லை. கறுப்பு ராணி d1க்கு இறங்கினால் வெள்ளைக்குச் செக்மேட், இரண்டாம் படியில் கறுப்பு ராசாவுக்கு நடந்த அதே கதை. ஆகவே இங்கே வெள்ளை h3 போல ஒரு காலாளைத் தள்ளி, ராசாவுக்கு மூச்சு விட ஓட்டை போட வேண்டும். ராணிக்குக் குதிரைதான் ஈடு என்பதால் ஆட்டம் இன்னும் தோல்வி முகம்தான், ஆனால் அடுத்த நகர்த்தலில் முடிந்துபோகாது.

ஒரு காலாள் ஒரு கட்டம் தள்ளி நிற்பதால் விடை தலைகீழாகிறது. h6 ராசாவைக் காப்பாற்றியது, g6 ராணியைக் காவு கொடுத்தது. "காலாளைத் தள்ளுவது நல்லதா கெட்டதா ரீச்சர்?" என்று கேட்பார்கள். போட்டைப் பார்க்காமல் அதற்குப் பதில் சொல்லாதீர்கள்.

மூன்றாம் படியைத் தாண்டிய பிள்ளைக்கும் இந்தத் தாள்கள் கற்றுத்தராத ஒன்று இருக்கிறது: வென்ற ஆட்டத்தை முடிப்பது. ராணி ஒன்று கூடுதலாக வைத்துக்கொண்டு, கறுப்பு ராசா தனியாக h8இல் நிற்க, ராணியைக் கொண்டுபோய் g6இல் வைப்பார்கள். செக்கும் இல்லை, ராசாவுக்கு நகர இடமும் இல்லை. ஸ்டேல்மேட், அதாவது சமநிலை. இதற்குத் தாள் தேவையில்லை. தவணை முடிவில் ஒரு கிழமை, ராசாவும் ராணியும் ஒரு பக்கம், வெறும் ராசா மறுபக்கம் என்று வைத்து, சோடி மாறி மாறி விளையாட விடுங்கள். இங்கும் கேள்வி அதேதான்: நான் வைத்த பிறகு அவருக்குப் போக எங்கே இடம் இருக்கிறது?

[திரையில்: பிள்ளைகள் காய்களைப் பெட்டியில் போடுகிறார்கள்.]

மூன்று மணிக்கு நிறுத்துங்கள், ஆட்டம் எந்த நிலையில் இருந்தாலும். ஒவ்வொரு சோடியும் முப்பத்திரண்டு காயையும் எண்ணிப் போட்டபிறகுதான் பையைத் தூக்கலாம். மார்கழி மழைக்காலத்தில் ஓலைப் பாயில் விளையாடும்போது காலாள்கள் பாய்க்குக் கீழே போய்விடும், பாயை ஒருமுறை உதறிப் பாருங்கள்.