போனஃபைடு சான்றிதழில் என்ன இருக்க வேண்டும்?

மதுரை வானொலி நேயர்களுக்கு வணக்கம். கல்லூரி அலுவலகத்தில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில், போனஃபைடு சான்றிதழைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். 'இன்னார் இக்கல்லூரியில் பயின்று வருகிறார், நன்னடத்தை உடையவர்' என்ற இரண்டு வரி பல அலுவலகங்களில் அச்சடித்தே தயாராக இருக்கும். உள்ளூர்த் தேவைகள் பலவற்றுக்கு அது போதும், விசாவுக்குப் போதாது.

உசிலம்பட்டி மாணவர் ஒருவர் ஜெர்மனியில் வாழும் அக்காவைக் கோடை விடுமுறையில் பார்க்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஜெர்மனி உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு அவர் தரும் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் அதிகாரி முக்கியமாகப் பார்ப்பது, இவர் சொன்ன நாளில் ஊர் திரும்புவாரா என்பதைத்தான். நன்னடத்தை அதற்கு விடையாகாது. எந்தப் படிப்பில், எத்தனையாம் ஆண்டில், முழுநேரமாகப் பயில்கிறார், எப்போது சேர்ந்தார், படிப்பு எப்போது முடியும், விடுமுறை எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, கல்லூரி மறுபடி என்று திறக்கும் என்பவையே விடை.

அடுத்தது பெயர். இதை நான் எங்கு போனாலும் சொல்வேன், வீட்டில் கேலி செய்தாலும் சொல்வேன். நம் பதிவேட்டில் அவர் 'எஸ். கார்த்திக்'; பாஸ்போர்ட்டில் தந்தை பெயரும் விரிந்து 'கார்த்திக் செல்வராஜ்'. நமக்கு இருவரும் ஒருவரே என்று பார்த்ததும் தெரியும். இனிஷியல் வழக்கத்தை அறியாத அதிகாரிக்கு எப்படித் தெரியும்? ஆகவே பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகளின்படியே பெயரை எழுதி, பாஸ்போர்ட் எண்ணையும் குறித்து, 'எங்கள் பதிவேட்டில் எஸ். கார்த்திக் என்று உள்ளவர் இவரே' என ஒரு வரி சேர்க்க வேண்டும். சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போதே பாஸ்போர்ட் நகலை இணைத்துக் கொடுத்தால் எழுத்தருக்கு ஊகிக்க வேண்டியிராது. கையொப்பத்தின் கீழ் பெயர், பதவி, முத்திரை, கல்லூரியின் அலுவலக மின்னஞ்சல், தொலைபேசி எண் ஆகியவை வேண்டும். அந்த எண்ணில் அழைத்தால் யாராவது எடுக்கவும் வேண்டும்.

மருத்துவக் காப்பீட்டில் சிக்கல் வேறு விதமானது. மாணவர் என்ற முறையில் பெற்றோரின் பாலிசியில் சார்ந்திருக்கும் பிள்ளை மார்ச்சில் மருத்துவமனையில் சேர்ந்திருக்க, ஜூனில் வாங்கிய கடிதம் 'பயின்று வருகிறார்' என்று மட்டும் சொன்னால், மார்ச்சில் அவர் மாணவராக இருந்தாரா என்ற கேள்வி அப்படியே நிற்கும். சேர்ந்த நாள் முதல் இன்று வரை இடைவிடாமல் பயில்கிறார் என்று தேதியோடு எழுதித்தரக் கேளுங்கள்.

நேரம் முடிவதாக நிலையத்தார் சைகை காட்டுகிறார்கள். ரயில் சலுகையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விடுமுறைக்கு ஊர் திரும்பும் மாணவருக்கான கட்டணச் சலுகைக்குப் போனஃபைடு கடிதம் செல்லாது. ரயில்வேயின் சலுகைப் படிவத்தைக் கல்லூரி முதல்வர் கையொப்பமிட்டுத் தர வேண்டும். அதில் புறப்படும் நிலையமும் சேரும் நிலையமும் தெளிவாக இருக்க வேண்டும். கடைசித் தேர்வு முடிந்த பிறகு முதல்வரைத் தேடி அலையாமல், முன்னதாகவே அதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வணக்கம்.