தொகையறாவா, பல்லவியா?

“கதையில் வரும் வக்கீலும் கணக்காசிரியரும் ஒரே பாட்டுக்கு ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள், யார் சொல்வது சரி?” – நடுவர்.

நடுவர் அவர்களே, அவையோரே! கணக்காசிரியர் சொல்லும் ‘வீடு வரை உறவு’ என்பதே சரி.

1962-இல் வெளிவந்த ‘பாத காணிக்கை’ படத்துக்காகக் கண்ணதாசன் எழுதி, விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசையில் டி.எம்.எஸ். பாடிய பாட்டு அது. வக்கீல் அதை ‘ஆடிய ஆட்டமென்ன’ என்கிறார். பாட்டு அந்தச் சொற்களில்தான் தொடங்குகிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வரிகள் தொகையறா. தாளக்கட்டு இல்லாமல், குரலை இழுத்து, விருத்தம்போல் பாடிவிட்டுப் பல்லவிக்கு வழிவிடும் பகுதி அது.

கதையாசிரியர் விடுதிச் சாப்பாட்டு அறையில் இதைக் கண்முன் நிறுத்துகிறார். கணக்காசிரியர் அலுமினியத் தட்டைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வக்கீல் கண்ணை மூடித் தொகையறாவைப் பாடும் வரையில் அவர் விரல்கள் தட்டுக்கு மேலே அசையாமல் நிற்கின்றன; ‘வீடு வரை’ என்று எடுத்ததும்தான் முதல் தட்டு விழுகிறது. தாளம் பிடிக்கிறவனின் விரலுக்குப் பாட்டு அங்கேதான் பிறக்கிறது. பின்பு ஒவ்வொரு சரணம் முடிந்ததும் பாட்டு திரும்பி வந்து நிற்பதும் அந்தப் பல்லவியில்தானே தவிர, தொகையறாவில் அன்று. ஒருமுறை ஒலித்துவிட்டு மறுபடி வராத வரியைவிட, பாட்டு முழுவதையும் கட்டி இழுக்கும் வரிக்கே பெயராகும் உரிமை அதிகம்.

எதிரணி நண்பர், “காதில் முதலில் விழுவதுதானே பெயர்?” என்று கேட்டார். அதில் பாதி நியாயம் உண்டு. தொகையறா இல்லாத பாட்டுகளில் முதல் வரியும் பல்லவியும் ஒன்றாகவே இருப்பதால் அந்த வழக்கம் நமக்குப் பழகிவிட்டது. இந்தப் பாட்டிலோ அது தடுமாறுகிறது. மேலும், சரணத்தில் ‘ஆடும் வரை ஆட்டம்’ என்று வருவதால், தொகையறாவே திரும்பி வருவதாக வக்கீலின் நினைவு கலந்துபோயிருக்கிறது. கதையில் அவர் “அந்த வரி நடுவிலும் வருமேடா!” என்று வாதாடுவது அதனால்தான், அவர் பொய் சொல்லவில்லை.

ஒன்றை மட்டும் என்னால் தீர்க்க முடியவில்லை. இருவரும் வழக்கை விடுதியின் பழைய சமையல்காரரிடம் கொண்டு போகிறார்கள். அவர் கேள்வியைப் படத்தின் பெயர் என்று புரிந்துகொண்டு, “படம் எதுவோ தெரியாது, தம்பி. எங்கப்பாவைத் தூக்கின அன்னிக்கு ஒலிபெருக்கியில் போட்டாங்க. எங்க ஊர்ல அது சாவு வீட்டுப் பாட்டு” என்கிறார். அதைக் கேட்டதும் கணக்காசிரியரின் கை தட்டிலிருந்து எழுந்துவிடுகிறது. அந்த மூன்றாவது பெயருக்கு என் அணியிடம் பதில் இல்லை. ஆனால் நடுவர் கேட்ட இரண்டில், தீர்ப்பு பல்லவியின் பக்கமே அமைய வேண்டும்.